தாயிடம் கேட்ட விடுப்பு

ஓடிப்போனவன் என்று தன் பெயர் பதிவாகியிருப்பது ஷேர்ஜமானுக்கு ஜுபைல் மருத்துவமனைப் பிணவறை வாசலில்தான் தெரிந்தது. உள்ளே பெட்டியில் அவன் தம்பி நூர்ஹாதி கிடந்தான். சாரத்திலிருந்து விழுந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பெஷாவரிலிருந்து அப்பா போனில் அனுப்பிய கடிதத்தில், உடலை வாங்கிக்கொள்ளும் உரிமை மூத்த மகனுக்கு என்று எழுதியிருந்தது. மூத்த மகன் கையெழுத்துப் போடத் தயாராக நின்றான். மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரன் அவனுடைய இகாமா என்ற தங்கும் அனுமதி அட்டையை வாங்கி, எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"உன் கஃபீல் உன்மேல ஹுரூப் போட்டிருக்கான். ஓடிப்போயிட்டியாம்."

"நான் ஓடலை சார். தம்பி செத்துட்டான்னு வந்தேன். வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"யார்கிட்ட சொன்னே?"

"பெரியம்மாகிட்ட."

போலீஸ்காரன் அட்டையை மேசைமேல் தள்ளினான். "அட்டையில பெரியம்மா பேரா இருக்கு? உன் கையெழுத்து இப்போ செல்லாது. உன்னை உள்ளே வைக்கணும். செத்தவன் முகத்துக்காக விடுறேன். இந்த ஹுரூப்பை எடுக்க வெச்சுட்டு வா. இல்லைன்னா அவன் இங்கேயேதான்."

ரியாதில் அந்த வீட்டில் ஷேர்ஜமான் ஆறு வருடமாக டிரைவர். ஆறு வருடமும் அவன் ஓட்டியது, அவன் பெரியம்மா என்று கூப்பிடும் உம்மு ஃபஹத் என்ற கிழவிக்காக. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், வெள்ளிக்கிழமை மகள் வீடு. எழுப்புவதும் அவள்தான், சாப்பிட அனுப்புவதும் அவள்தான், திட்டுவதும் அவள்தான். மகனே அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசமாட்டான். அதனால் ஜுபைலிலிருந்து செய்தி வந்த காலையில் அவன் அவளிடம்தான் கேட்டான். "போ, ரெண்டு நாள்ல வந்துடு" என்றாள் அவள். அந்த வீட்டு டிரைவர் வேறு யாரிடம் கேட்பான்? ஆனால் அவன் இந்த நாட்டில் இருப்பதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவன் மகன் ஃபஹத். அந்தப் பொறுப்புக்குத்தான் கஃபாலா என்று பெயர், அதை ஏற்றவன் கஃபீல். யார் வீட்டு வேலை, யாருக்குக் கீழே, வரலாமா போகலாமா எல்லாம் அந்தக் கையெழுத்துக்காரன் கையில். பாஸ்போர்ட்டும் அவன் மேசை இழுப்பறையில்.

ஃபஹதுக்குக் கோபம் அதற்கு முந்தைய வாரமே தொடங்கிவிட்டது. தன் டயர் கடையில் சரக்கு இறக்க வரச் சொன்னான். "இகாமாவில் வீட்டு டிரைவர்னு இருக்கு. கடையில் பிடிச்சா என்னைத்தான் ஏத்தி அனுப்புவாங்க" என்று ஷேர்ஜமான் மறுத்தான். அப்போது ஃபஹத் விட்டுவிட்டான். ஷேர்ஜமான் பேருந்து ஏறிய அன்று மாலையே போனில் அரசாங்கச் செயலியைத் திறந்து நாலு தட்டு தட்டினான். ஹுரூப் பதிவாகிவிட்டது, அவ்வளவுதான் வேலை.

ஷேர்ஜமான் ரியாதுக்குத் திரும்பி வந்து பக்கத்து வீட்டுக் காவலாளி ஹபீப் மியாவின் அறையில் ஒளிந்துகொண்டான். ஹபீப் பங்களாதேஷ்காரன். இருபத்திரண்டு வருடத்தில் மூன்று கஃபீல்களைப் பார்த்தவன்.

"பதினஞ்சு நாள் கணக்கு, லாலா. அதுக்குள்ள அவன் போன்ல அவனே எடுக்கலாம். அப்புறம் அவன் அழுதாலும் சுலபமா எடுக்க முடியாது. நீ ஜெயில் வழியாத்தான் ஊர் போகணும்."

"பெரியம்மா சொன்னா எடுப்பான்."

ஹபீப் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சிரித்தான். "எடுப்பான் எடுப்பான். உன்னை ஏன் சேர்த்தாங்கன்னு நினைக்கிறே, அழகைப் பார்த்தா? கிழவிக்கு வண்டி ஓட்ட ஆள் வேணும்னுதான். இன்னொன்னு கேட்டுக்கோ. ஹுரூப் இருக்கிற வரைக்கும் அவனால உனக்கு எந்த விசாவும் அடிக்க முடியாது. போய்வர விசாவும் கிடையாது, ஒரேயடியாப் போற விசாவும் கிடையாது. போனே வேண்டாம்னு சொல்லிடும்."

ஷேர்ஜமான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹுரூப் போட்ட பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஃபஹதின் சித்தப்பா அபு நாசர் கப்சா என்ற கறிச்சோறு சாப்பிட வந்திருந்தார். விருந்தாளி இருக்கும்போது ஃபஹத் கை ஓங்கமாட்டான் என்று நினைத்து ஷேர்ஜமான் உள்ளே போய் ஸலாம் சொன்னான்.

ஃபஹத் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "திருடன் தானாவே வந்துட்டான் பாருங்க."

"பெரியம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் போனேன், கஃபீல். கூப்பிட்டுக் கேளுங்க."

பெண்கள் பக்கக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதன் பின்னால் அவளுடைய கைத்தடி தெரிந்தது. ஃபஹத் அந்தப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டான். "அம்மா, இவனை நீயா அனுப்பினே?"

கதவுக்குப் பின்னால் கைத்தடி ஒருமுறை தரையில் உரசியது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

"பார்த்தியா?" என்றான் ஃபஹத். "இப்போ கேட்டுக்கோ. எடுக்கிறேன். நாளையிலேர்ந்து காலையில அம்மா, மத்தியானம் டயர் கடை. ஊருக்குப் போற பேச்சே கிடையாது. பெட்டி தனியாப் போகட்டும். செத்தவனுக்குத் துணை எதுக்கு?"

ஷேர்ஜமான் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருடம் அவள் கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கியிருக்கிறான். தம்பி இருக்கும் பெட்டியை எண்ணிப் பார்த்தான். ஊரில் அம்மா அதைத் திறக்கச் சொல்வாள். பக்கத்தில் இவன் இருக்கமாட்டான். அவனுக்கு ஹபீப் சொன்னது நினைவு வந்தது.

"கடைக்கு வரமாட்டேன்."

"வராட்டி உன்னை ஒரேயடியா நாட்டைவிட்டுத் துரத்துவேன். தெரியுமில்ல?"

"அது உங்களால முடியாது, கஃபீல்."

ஃபஹதின் கை நின்றது. "என்ன சொன்னே?"

"ஓடிப்போயிட்டான்னு நீங்கதான் எழுதி வெச்சீங்க. ஓடிப்போனவனை அனுப்புற அதிகாரம் போலீஸுக்குத்தான். உங்க போன் உங்க பேச்சைக் கேக்காது. இப்போ உங்களுக்கு என்மேல ஒண்ணுமில்ல."

அபு நாசர் எலும்பைத் தட்டில் போட்டுவிட்டுச் சிரித்தார். "மகனே, உன் டிரைவருக்கு உன்னைவிடச் சட்டம் தெரியுதே. நீ இவனுக்குக் கஃபீலா, இவன் உனக்கா?"

ஃபஹதின் காது மடல் சிவந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "ஒண்ணுமில்லையா? இதோ பாரு, முதல்ல ஹுரூப்பை எடுக்கிறேன்." தட்டினான். ஷேர்ஜமானின் சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை. முகத்தை மாற்றாமல் நின்றான். ஃபஹத் இன்னும் தட்டினான். மறுபடி அதிர்ந்தது.

"நிரந்தரமாப் போற விசா. அறுபது நாள்ல என் கண்ணு முன்னாடி இருக்கக் கூடாது. உன் குழந்தைகளுக்கு இனி மண்ணைப் போடு."

"பாஸ்போர்ட்" என்றான் ஷேர்ஜமான்.

அப்போதுதான் ஃபஹத் ஏதோ புரிந்தவன்போல் போனைப் பார்த்தான். மறுபடி அதைத் தொடப்போனவனை அபு நாசர் தடுத்தார். "போட்டதைத் திருப்பி எடுத்து என்னைச் சிரிக்க வைக்காதே. குடுத்து அனுப்பு, சோறு ஆறுது."

பாஸ்போர்ட் காலடியில் வந்து விழுந்தது. ஷேர்ஜமான் குனிந்து எடுத்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு அதைக் கையில் தொட்டான். உள்ளே இருந்த புகைப்படத்தில் அவனுக்குத் தாடி நரைக்கவில்லை. வீட்டில் நாலு குழந்தைகள். இந்த வேலை போனது என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளிவாசலில் உம்மு ஃபஹத் நின்றாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு கேட்டாள். "நாளைக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு யார்டா கூட்டிட்டுப் போறது?"

"உங்க மகன்கிட்ட கேளுங்க, பெரியம்மா. நான் உங்ககிட்ட கேட்டுத்தான் தப்புப் பண்ணினேன்."

அவள் கைத்தடியைத் தூக்கினாள், அடிக்கவா நிறுத்தவா என்று தெரியவில்லை. அவன் தாண்டிப் போனான்.

ஜுபைலில் அதே போலீஸ்காரன்தான் இருந்தான். எண்ணைத் தட்டிவிட்டுத் திரையை வெகுநேரம் பார்த்தான். "எடுத்துட்டான். கூடவே வேலையையும் எடுத்துட்டான் போல."

"ஆமா சார்."

"மடையா, பெட்டிக்காகவா?"

ஷேர்ஜமான் பேனாவைக் கேட்டான். போலீஸ்காரன் படிவத்தில் நூர்ஹாதியின் பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டினான்.