மருமகன் கட்டிய பில்

சென்ற வருடத்து மருத்துவ ரசீதுகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு வந்து புஷ்பலதாவின் மேசையில் கொட்டினான் கார்த்திகேசு. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவள் அவள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கும் அவன் மனைவி தினேஸ்வரியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சளி, காய்ச்சலுக்குக் கிளினிக் போனது வரியில கழியாதுண்ணே. விட்டமின் மாத்திரை, மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான். பல்லு பிடுங்குன முந்நூத்து இருபது வெள்ளி மட்டும் உண்டு," என்றாள் புஷ்பலதா.

மிச்சம் ஒரே கட்டு. தினேஸ்வரியின் தாய் இருளாயிக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் பார்த்த செலவு. பதினோராயிரத்துச் சொச்சம் வெள்ளி. அதில் உச்சவரம்பான எட்டாயிரம் வருமானத்தில் கழிந்தால், சம்பளத்தில் பிடித்த வரியில் எண்ணூறுக்கு மேல் திரும்பி வரும், ஜூன் மாத ஸ்கேனைக் கட்டிவிடலாம் என்று அவன் நினைத்திருந்தான். கையில் வேறு காசு இல்லை, கிரெடிட் கார்டும் நிரம்பிவிட்டது.

"இருளாயி யாரு, உங்க அம்மாவா?"

"மாமியார்."

"சுசாலா அண்ணே, முடியாது. சொந்தத் தாய் தகப்பனுக்குத்தான் கழிவு. மாமியாருக்கு இல்ல."

"அப்ப இவ கணக்குல போடு. இவளும் வரி கட்டுறாதானே?"

"போடலாம். அக்கா காசு கட்டினாங்களா?"

கட்டியதெல்லாம் கார்த்திகேசுவின் கார்டில். ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள் கவுண்டரில் தினேஸ்வரி பர்ஸைத் திறந்ததுமே இருளாயி எழுந்து வாசலுக்கு நடந்துவிட்டாள். ஆண்பிள்ளை இல்லாதவள். மருமகன் செய்தால் மகன் செய்ததாக ஏற்றுக்கொள்வாள். மகள் சம்பளத்தில் வைத்தியம் பார்ப்பது அவளுக்குப் பிச்சை எடுத்த மாதிரி.

"இவ கட்டுனான்னு எழுதிட்டா?"

"கேட்டாங்கன்னா கார்டு ஸ்டேட்மென்ட்டக் காட்டணும். நான் எழுத மாட்டேன்ணே. இனிமே அக்காவே கட்டட்டும்."

பல் பிடுங்கியதற்காக முப்பத்தைந்து வெள்ளி திரும்பி வரும் என்றாள்.

லகாட் ஊரில் அவர்கள் வீட்டில் இருளாயி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தினேஸ்வரி அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"ம்மா, ஜூன் ஸ்கேனுக்கு நான் கட்டுறேன்."

"ஏன், மாப்பிள்ளைக்குக் கை சலிச்சுப் போச்சா?"

"இல்ல அத்தே," என்றான் கார்த்திகேசு. "என்கிட்ட இப்ப காசு இல்ல. அவகிட்ட இருக்கு."

"கவர்மெண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க. அங்க வரிசையில நிக்கிறேன்."

"அங்க நாலு மாசம் ஆகும்மா. டாக்டரு தள்ளிப் போடாதீங்கன்னாரு."

"தோட்டத்துல மருந்து குடுக்குற டிரெஸரைப் பாக்கவே நாள் முழுக்கக் காத்துக் கெடந்திருக்கோம். நாலு மாசம் என்ன."

"செத்துருவம்மா நீ," என்றாள் தினேஸ்வரி, குரல் உயர்த்தாமல்.

இருளாயி மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள்.

இருளாயி இறங்கி வரவில்லை. காலையில் கார்த்திகேசு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஜூன் தேதியை ரத்து செய்தான். வேறு தேதி போடவா என்று கேட்டாள் போனை எடுத்த பெண். பிறகு சொல்கிறேன் என்றான். அறைக்குள் தினேஸ்வரி வேலைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.