ஒற்றைக் கொம்பு

அந்த அலுவலகத்தில் அவளைச் சஞ்சயி என்றுதான் கூப்பிடுவார்கள். பார்வையற்ற அரசனுக்குப் போர்க்களத்தைக் கண்டு சொன்ன சஞ்சயனின் பெயரை வளைத்து யாரோ வைத்தது. அவள் வேலையும் ஏறக்குறைய அதுதான். சிறுவர் படக்கதைகளைப் பார்வையற்ற பிள்ளைகள் காதால் கேட்பதற்கு ஒலிநூலாக மாற்றும் இடம் அது. கதையை வாசிக்க ஒருவர் இருந்தார். படத்தில் இருப்பதை எழுதித் தருவது இவள் பொறுப்பு.

இவள் எழுதியதைக் கேட்டுப் பார்த்து ஒப்புதல் தருகிறவளுக்கு நீதிபதி என்று பெயர். நாற்பதைத் தாண்டியவள். எட்டு வயதில் இரண்டு கண்ணும் போனவள். மேசைமேல் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, தாடையைக் கையில் தாங்கிக் கேட்பாள். பிடிக்காத இடத்தில் விரலால் மேசையை ஒரு தட்டு தட்டுவாள். அந்தத் தட்டு விழுந்ததும் சஞ்சயி பேனாவைத் திறந்துவிடுவாள்.

அன்று பதினான்காம் பக்கத்தில் தட்டு விழுந்தது.

"என்ன எழுதியிருக்க?"

"சந்நியாசி வேஷத்துல ராவணன் குடிசை வாசல்ல நிக்கிறான்னு."

"கதையில வந்திருக்கிறது ராவணன்னு சொல்லியாச்சா?"

"இல்லக்கா. அடுத்த பக்கத்துலதான்."

"அப்போ நீ எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிற? பார்க்கிற பிள்ளைக்கு முதல்ல என்ன தெரியும்?"

சஞ்சயி படத்தைப் பார்த்தாள். "காவித் துணி. கையில தண்டம், கமண்டலம். காலுல மரக்கட்டைச் செருப்பு." கொஞ்சம் தயங்கினாள். "பின்னாடி சுவத்துல நிழல் விழுது. நிழலுக்கு மட்டும் நிறைய தலை."

நீதிபதி சிரித்துவிட்டாள். "அடிப்பாவி! ஓவியர் அவ்வளவு அழகா ஒளிச்சு வெச்சிருக்கார், நீ அதைப் போட்டு உடைச்சிட்டு, நிழலையும் முழுங்கிட்டியே. நிழலைச் சொல்லு. பேரைச் சொல்லாத. கேக்கிற பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும்."

சஞ்சயி தலையில் அடித்துக்கொண்டு மாற்றி எழுதினாள். இப்படி அடி வாங்குவது அவளுக்குப் புதிதல்ல. போன வருடம், நீல உடுப்பும் தோளில் கலப்பையுமாக நின்ற பலராமனை 'ஒரு விவசாயி' என்று எழுதிவிட்டாள். ஒரு பிள்ளையின் அப்பா தொலைபேசியில் அழைத்துச் சிரித்தார். அதிலிருந்து ஒரு நோட்டு வைத்திருந்தாள். கோடரி என்றால் பரசுராமன். நீல மேனியை மட்டும் நம்பக்கூடாது. மயிற்பீலி இருந்தால் கண்ணன், வில் இருந்தால் ராமன். மரவுரியில் இரண்டு பேர் வில்லோடு நின்றால் மேனி கறுத்தவன் அண்ணன், வெளுத்தவன் தம்பி. சமையற்கட்டில் கதாயுதம் கனத்தில் கரண்டி பிடித்த தடியன், வேலைக்காரனாக ஒளிந்திருக்கும் பீமன். கண்ணைத் துணியால் கட்டிய அரசி காந்தாரி. தோளில் பிணத்தோடு வாளேந்தி நடப்பவன் விக்கிரமாதித்தன். இருந்தும் ஒவ்வொரு படத்தையும் திறக்கும்போது, இன்றைக்கு யாரை யாராக்கப் போகிறோமோ என்ற பதைப்பு அவளை விட்டதில்லை.

பக்கத்தை முடித்ததும் நீதிபதி ஒலிபெருக்கியை நிறுத்தினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கவா? சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்கக்கா."

"நான் கடைசியா பார்த்த புத்தகம். காய்ச்சல்ல படுத்திருந்தப்போ யாரோ கொண்டுவந்து கொடுத்தது. அதுல ஒரு பையன். மரப்பட்டை உடுப்பு. பக்கத்துல மான். நெத்திக்கு மேல ஒரு கொம்பு. ஒத்தைக் கொம்பு. அவன் யாரு?"

"உங்க அம்மாகிட்ட கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

"அது சகுந்தலை, பொம்பளைப் பிள்ளை, கொம்பெல்லாம் கிடையாது, உனக்கு அப்பவே கண்ணு சரியில்லன்னு சொல்லுவாங்க. முப்பத்தி நாலு வருஷமா அதே பதில்."

சஞ்சயி நோட்டை மனதுக்குள் புரட்டினாள். மரவுரி, மான், ஆசிரமம். சகுந்தலை என்று சொல்வதில் தப்பில்லை. ராட்சசர்களுக்குத்தான் கொம்பு வரைவார்கள். அதுவும் இரண்டு, கோரைப் பல்லோடு. அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"முனிவர் பிள்ளையா இருக்கும்கா. சடையைத் தூக்கிக் கட்டியிருப்பாங்க. அது உங்களுக்குக் கொம்பு மாதிரி தெரிஞ்சிருக்கும்."

நீதிபதியின் முகத்தில் ஏதோ அணைந்தது. "சரி. தெரிஞ்சிருக்கும்," என்றாள். கைத்தடியை விரித்துக்கொண்டு வெளியே போனாள். அவளுடைய டீ மேசையிலேயே ஆடை கட்டிக் கிடந்தது.

அன்றும் மறுநாளும் சஞ்சயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள். எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்புவாள். தெருவில் பேருந்து ஒலி எழுப்பினாலும் எரிச்சல் வந்தது. ஒரு பக்கத்தில் சகுனியின் கையிலிருந்த தாயக்கட்டையை விட்டுவிட்டாள். அந்தத் தாயக்கட்டை இல்லாவிட்டால் சபையில் உட்கார்ந்திருக்கும் பத்துக் கிழவர்களோடு அவனும் பதினொன்றாவது. கதை வாசிப்பவர், "என்னம்மா, பேய் புடிச்ச மாதிரி இருக்க?" என்று கேட்டார்.

கடைசியில் அலமாரியிலிருந்த படப் புத்தகங்களை எல்லாம் இறக்கித் தரையில் பரப்பினாள். முனிவர்களாகத் தேடித் தேடிப் பார்த்தாள். எந்த ஓவியரும் சடைமுடியை நெற்றியில் வைக்கவில்லை. உச்சியில்தான் இருந்தது, பெரும்பாலும் உருத்திராட்ச மாலை சுற்றி, அடி முதல் நுனி வரை உருண்டையாக. நெற்றியிலிருந்து எழும்பி நுனி கூராவது அதில் ஒன்றுகூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளை இதையும் அதையும் குழப்பியிருக்காது. குழப்பியது தான்தான் என்று அவளுக்கு உறைத்தது. யாருடைய படத்தையும் முழுதாக அறியாமல் பெயர் சொல்லக்கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்.

நேராக நீதிபதியின் அறைக்குப் போனாள்.

"அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். பாதியிலயே தீர்ப்பு சொல்லிட்டேன். முதல்ல இருந்து சொல்லுங்க."

"விடு. ஆறிப்போன கஞ்சி."

"ஆறட்டும். கையில என்ன வெச்சிருந்தான்?"

நீதிபதி ஒலிபெருக்கியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு தாடையைக் கையில் தாங்கினாள். "அவன் கையில ஒண்ணும் இல்ல. கையை நீட்டிக்கிட்டிருந்தான். எதிர்ல ஒரு பொண்ணு. பட்டு, நகை, மாலை. அவ கையில பந்து."

"பந்தா?"

"சிவப்புப் பந்து. அவன் அதைப் பார்க்கிற பார்வை, பந்தையே கண்டிராத பார்வை."

சஞ்சயியின் பேனா நின்றது. காட்டில் மானோடு இருக்கும் பையன், பட்டு உடுத்திய பெண். சகுந்தலை கதையில் காட்டுக்கு வருகிறவன் ஆண், அதுவும் வேட்டைக்கு வந்த அரசன். இதில் எல்லாம் தலைகீழாக இருந்தது.

"பின்னாடி என்ன இருந்துச்சு?"

"வேணாம். அதைச் சொன்னா நீயும் கண்ணு சரியில்லம்ப."

"சொல்லுங்க."

"ஆறு. ஆத்துல ஒரு படகு. படகு மேல மரம் முளைச்சிருந்துது. பூ, காய், கொடி எல்லாம். நடுவுல ஒரு குடிசை."

சஞ்சயி பேனாவை மூடினாள். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினாள். பதினான்காம் பக்கம் ஞாபகம் வந்தது. இவள் பெயரைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் நீதிபதி சொல்வதெல்லாம் நினைவா, இவள் ஊட்டியதா என்று பிரிக்க முடியாது.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தைத் திருப்புங்க. அடுத்த படம் என்ன?"

நீதிபதியின் விரல்கள் மேசைமேல் இல்லாத தாளைப் புரட்டின. "ஊர் மாதிரி. ஜனங்க எல்லாம் மேல பார்க்கிறாங்க. அந்தப் பையன் படகுல இருந்து கீழ கால் வைக்கிறான். மழை. நல்ல மழை. நிலமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, அது மேல மழை."

"அக்கா, அது கொம்புதான். சடை இல்ல. ருசியசிருங்கர். நம்மாளுங்க கலைக்கோட்டு முனிவர்னு சொல்லுவாங்க. கலைன்னா மான், கோடுன்னா கொம்பு. பேரே அதான்!"

மூச்சுவிடாமல் சொன்னாள். மானின் வயிற்றில் பிறந்ததால் நெற்றியில் கொம்பு. அப்பாவைத் தவிர மனிதரையே காணாமல் வளர்ந்தவன், பெண் என்று ஒன்று இருப்பதே தெரியாதவன். அவன் கால் பட்டால்தான் மழை வரும் என்று, வறண்டுபோன நாட்டு அரசன் பெண்களை அனுப்பினான். அவன் மிரளாமலிருக்கப் படகிலேயே ஆசிரமம் ஒன்றைச் செய்து, மரமெல்லாம் நட்டு, மிதக்கவிட்டு வந்தார்கள். பந்து காட்டி, மாலை போட்டு, படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நீதிபதி தன் நெற்றிக்கு மேலே விரலால் கொம்பு ஒன்றை வரைந்தாள். பிறகு மெதுவாக, "அப்போ எனக்குக் கண்ணு தெரிஞ்சுது," என்றாள்.

"நல்லாவே தெரிஞ்சிருக்கு. பந்தோட நிறம் வரைக்கும்."

அடுத்த நிமிடமே நீதிபதி கைபேசியை எடுத்து அம்மாவை அழைத்தாள். சஞ்சயி எழுந்து போகப் பார்த்தாள். நீதிபதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொம்பு, மான், படகு, பெயர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பள்ளிப் பரிசு வாங்கிய பிள்ளையின் குரல் அது. மறுமுனையில் சத்தமே இல்லை.

"அம்மா? கேக்குதா?"

"அப்போ... உனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுதா?" என்றது கிழக்குரல். அத்தோடு இணைப்பு அறுந்தது.

மறுநாள் நீதிபதி வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நல்லது செய்யப்போய்க் குளவிக்கூட்டில் கை வைத்துவிட்டோமா என்று சஞ்சயி தவித்தாள். மூன்றாம் நாள் நீதிபதி வந்தாள். அவள் தோளைப் பிடித்தபடி ஒல்லியாக ஒரு கிழவி. யார் யாரை நடத்தி வருகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

"நீதானாம்மா அந்தப் படத்தைக் கண்டுபிடிச்சது?" என்றாள் கிழவி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "அந்தப் புத்தகத்தை நானும் பார்த்தேன். கொம்பு இருந்துச்சு."

நீதிபதி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"காய்ச்சலோட கண்ணு சிவந்து வலிக்குதுன்னா. பத்து நாள் வீட்டுலயே கைவைத்தியம் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரியில, முன்னாடியே வந்திருக்கலாமேன்னாங்க. அந்த ஒரு வார்த்தையை என்னால தூக்க முடியல. இவளுக்கு முதல்ல இருந்தே பார்வை கம்மிதான்னு சொல்லிக்கிட்டேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். கொம்பு கொம்புன்னு இவ கேக்கிறப்பல்லாம், இல்லன்னு சொன்னாத்தான் எனக்கு மூச்சு வந்துது."

"அந்தப் பத்து நாளுக்கு எனக்குக் கோவம் இருக்கும்மா. அது இருக்கட்டும், அது எப்பவோ போனது," என்றாள் நீதிபதி. "ஆனா அதை மறைக்க, நான் பார்த்த எட்டு வருஷத்தையும் பொய்யாக்கிட்டியே. என்கிட்ட இருந்ததே அவ்வளவுதான். எது நிஜம், எது நானா நினைச்சுக்கிட்டதுன்னு தெரியாம இத்தனை வருஷம் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

கிழவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் தேற்றவில்லை; போகவுமில்லை. சஞ்சயி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

அழுகை ஓய்ந்ததும் நீதிபதி கேட்டாள். "நம்ம பழைய வீட்டுச் சுவரு என்ன நிறம்?"

கிழவி கண்ணைத் துடைத்தாள். "மஞ்சள்."

"மஞ்சள்னுதான் வெச்சிருக்கேன். வாசக் கதவு?"

"நீலம். கீழ மட்டும் உரிஞ்சு போயிருக்கும்."

"ஆமா. உரிஞ்ச இடத்துல பழைய சிவப்பு தெரியும்." நாற்காலியைத் தடவி இழுத்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "உன் தாடையில ஒரு மச்சம்."

"இருக்கு."

"இடது பக்கம்."

"இல்லடி, வலது."

"இடது. நீ குனிஞ்சு என் முகத்தைத் தொடைக்கிறப்போ எனக்கு நேரா..." நிறுத்தினாள். கையைத் தூக்கிக் காற்றில் எதிர்முகம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். "சரி, வலதுதான். எனக்கு எதிர்ல நின்னா உன் வலது எனக்கு இடது."

அலுவலகத்தில் மதிய வேலை தொடங்கியிருந்தது. ஒலிப்பதிவுக்காரர் கதவைத் திறந்து, பதினைந்தாம் பக்கம் என்னவாயிற்று என்று கேட்டார். சஞ்சயி அவரை வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரு குரல் கேட்பதும், மற்றொன்று பதில் சொல்வதும், பிறகு இரண்டும் சண்டை போடுவதும் சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தன. சைக்கிள் ஒன்றைப் பற்றி மட்டும் தீரவே இல்லை. பச்சை என்றாள் மகள். நம்மிடம் சைக்கிளே இருந்ததில்லை என்றாள் அம்மா. பழைய தெருவில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுவிடலாம் என்று இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள்.