கங்கம்மா படமும் சிலிண்டர் சாவியும்

இரவு டியூட்டிக்கு வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் பிரேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு மேலே இருந்த கங்கம்மா சாமி படத்தைக் காணோம். வெறும் ஆணிதான் நின்றது. பகலில் மேனேஜர் கிஷோர் அதைக் கழற்றி, புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்ட வரவேற்பறையில் மாட்டிவிட்டாராம். கேட்டால், கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளோடு போட்டி போட வேண்டும், வார்டுச் சுவர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே வேலையைத் தொடங்கினாள். அந்தக் கோபத்தில் ஒன்றை மறந்துபோனாள்.

முனிரத்தினத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஆஸ்துமாக்காரர். வேண்டுதல் என்று அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறி, பாதியிலேயே திரும்பியிருக்கிறார். உதடு நீலம் பாரித்திருந்தது, ஒரு சொல்லை முழுதாகச் சொல்ல முடியவில்லை.

"நாலு நாளா இப்பிடித்தாம்மா இழுத்துக்கினு கீறாரு. சொன்னா கேட்டாத்தானே!" என்று அழுதாள் அவர் மனைவி.

பிரேமலதா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, மேசைமேல் முன்பக்கமாகச் சாய்த்தாள். மாடியில் தூங்கிய டாக்டருக்குப் போன் அடித்தாள். வழக்கம்போல நிமிர்ந்து, "கங்கம்மா, கூட நில்லு" என்று முணுமுணுத்தாள். கை தானாக மேலே போயிற்று.

சுவர்தான் தட்டுப்பட்டது.

சிலிண்டரைத் திறக்கும் சாவியை அந்தப் படத்தின் கயிற்றில்தான் கட்டியிருந்தாள். யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாதென்று மஞ்சள் கயிற்றால் மூன்று முடிச்சு. கும்பிடும்போதே சாவி கைக்கு வந்துவிடும். இத்தனை வருஷமும் அப்படித்தான். படம் போனால் சாவியும் போகும் என்பது அவளுக்குக்கூட உறைக்கவில்லையே!

"சந்திரம்மா! படத்துக்குப் பின்னால சாவி கீது, ஓடு!"

ஆயம்மா ஓடினாள். பிரேமலதா நெபுலைசரில் மருந்து ஊற்றி மாஸ்க்கைப் பொருத்தினாள். ஓடிவந்த டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னார். போட்டாள். முனிரத்தினத்தின் கண்கள் செருகின. ஆக்சிஜன் பக்கத்திலேயே பூட்டிக்கிடந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சந்திரம்மா படத்தையே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"முடிச்சு அவுரல சிஸ்டர். அறுக்க பயமா இருந்துச்சு, அம்மாவையே எத்துக்கினு வந்துட்டேன்."

அறுக்க நேரமில்லை. சாவியை வால்வில் மாட்டித் திருப்பினாள். கயிற்றில் தொங்கிய கங்கம்மா சிலிண்டரில் இடித்து, படத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. சிலிண்டரில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலில் குமிழிகள் கிளம்பின. ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்க, மெல்ல மெல்ல அவர் உதட்டில் நிறம் திரும்பியது.

காலையில் கிஷோர் வந்தார். "படத்த யாரு ஒடைச்சது?"

"அவரு பொழைச்சிட்டாரு சார்."

"நான் படத்தக் கேக்கறேன், சிஸ்டர்."

பேண்டேஜ் கத்திரியால் மஞ்சள் கயிற்றை அறுத்து, படத்தை அவரிடம் நீட்டினாள். பிறகு சாவியை வெறும் ஆணியில் மாட்டினாள். அது கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. "கங்கம்மா" என்று அவள் உதடு தானாக அசைந்தது.