நாலு மணிக் கொய்யா

நவம்பர் 16, ஞாயிறு. ஒரு சிறு தவறு. காசிக்குக் கிளம்பும் முன் சுபஸ்ரீ மேடத்துக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்க வேண்டும். எழுதினேன், அனுப்பவில்லை. சென்ட்ரலில் ரயில் நகரும்போதுகூடத் திருத்திக்கொண்டிருந்தேன். செய்தி இன்னும் போனில் அப்படியே இருக்கிறது. இது சிறு தவறுதானா என்று சரியாகத் தெரியவில்லை.

கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று இளம்பரிதி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு விட்டுவிட்டு டைரியை மூடினான்.

ஒரகடத்தில் கார் சீட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்குத் தரப் பரிசோதனை வேலை. தையல் ஒரு நூல் கோணினாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. வேலை முடிந்ததும் குன்றத்தூரில் மாலை வகுப்பு. அங்கே தரக் கட்டுப்பாட்டில் டிப்ளமோ படிக்கிறான். எந்தக் குறையானாலும் பிழை, காரணம், திருத்தம் என்று மூன்று தலைப்பில் எழுத வேண்டும் என்று அந்த வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று பிடித்த வழக்கம், அவன் டைரியில் தலைவலிக்குக்கூட மூன்று தலைப்பு உண்டு.

சுபஸ்ரீ ஒரு உணவு ஆலோசகர். கம்பெனி நடத்தும் நலத்திட்டத்துக்காக வியாழன்தோறும் ஆலை மருத்துவ அறைக்கு வருவார். மற்ற நாட்களில் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஆண்டுப் பரிசோதனையில் இளம்பரிதிக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருந்தது. அவன் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது; போன வருடம்தான் போய்ச்சேர்ந்தார். "மூணு மாசம் சாப்பாட்டையும் நடையையும் பாருங்க. திரும்ப டெஸ்ட் எடுத்துட்டு மாத்திரையைப் பத்திப் பேசலாம்" என்று கம்பெனி டாக்டர் சொல்லி, அவனை சுபஸ்ரீயிடம் அனுப்பினார். டெஸ்ட் டிசம்பரில்.

திட்டத்தில் இருப்பது இருபது இடம். பெயிண்டு செக்ஷனில் பாதிப் பேர் காத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு விதி: மதியச் சாப்பாட்டுத் தட்டைத் தினமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும்; சொல்லாமல் இரண்டு வாரம் நின்றுபோனால், அடுத்து வரும் திங்கள் மாலை அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்தத் திங்கள் நாளைக்குத்தான்.

ஞாயிறு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து புதிதாக ஒரு செய்தி எழுதினான். பிழை, காரணம், திருத்தம். பிழைக்குக் கீழே ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு வேளையாக என்னென்ன சாப்பிட்டான் என்பது. காசியில் காலையில் கச்சோரி, மேலே ஜிலேபி. ரயிலில் சித்தப்பா வாங்கித் திணித்த சமோசாக்கள். வளர்ந்துகொண்டே போனது. இரண்டு வாரத் தீனிக்குத் தண்டனையாக அன்று இரவு சாப்பிடவில்லை.

"டேய் பரிதி, தோசை ஆறுதுடா" என்றாள் அம்மா சசிகலா.

"வேணாம்மா. சரி பண்ணிக்கினு இருக்கேன்."

"இன்னாத்த சரி பண்றே? வயிறு இன்னா மெஷினா?"

உண்மையில் அவனை அரித்தது ஜிலேபி இல்லை. கொய்யா.

கயாவில் அப்பாவுக்குப் பிண்டம் வைத்து முடித்ததும், ஆலமரத்தடியில் ஏதாவது ஒரு பழத்தையும் ஒரு காயையும் ஆயுளுக்கும் விட்டுவிட வேண்டும் என்றார்கள். ஊரிலிருந்தே யோசித்துக்கொண்டு போயிருந்தான் இளம்பரிதி. "இனிப்பு மொத்தத்தையும் விட்டுட்றேன்" என்றான். தமிழ் தெரிந்த புரோகிதர் தலையாட்டவில்லை. "பழம் சொல்லுங்கோ, காய் சொல்லுங்கோ. பின்னால நிறைய பேர் நிக்கறா."

கோதண்டராமன் சித்தப்பா முந்திக்கொண்டு, "நான் லிச்சி பழம்!" என்று கணீரென்று சொன்னார். பிறந்ததிலிருந்து அவர் லிச்சியைக் கண்ணால் பார்த்ததில்லை. காய்க்கு அவர் விட்டது டர்னிப். ஒவ்வொருவரும் இப்படி வசதியாக எதையோ விட்டுக்கொண்டிருக்க, இளம்பரிதிக்குத் தலைக்குள் ஒன்றுமே வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று. பத்து வாரமாகத் தினமும் நாலு மணிக்குத் தின்றுகொண்டிருந்த பழம். "கொய்யா" என்று வாயில் வந்துவிட்டது. "பீர்க்கங்காய்" என்பதையும் சேர்த்துக்கொண்டான். அதற்கு அவன் கவலைப்படவில்லை.

"ஏண்டா, மேடம் எழுதிக் குடுத்த பழத்தையா வுட்டே?" என்று அம்மா அங்கேயே தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்பா பெயரில் சொன்ன சொல். இனி மாற்ற முடியாது.

செய்தியில் கொய்யாவை எழுதினான். அழித்தான். படித்த பெண்மணி, என்ன நினைப்பார்? மறுபடி எழுதினான். மறுபடி அழித்தான். தூங்கப் போகும்போது செய்தியில் கொய்யா இல்லை. செய்தியும் போகவில்லை.

திங்கள் காலையும் வெறும் வயிறு. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தியைத் திருத்திக்கொண்டே வந்தான். வெளியே நேற்றைய மழைத் தண்ணீர் சாலையோரம் நின்றது. பத்து மணிக்கு ஒரு சீட்டுறையைத் திருப்பிப் பார்க்கையில் தையல் இரண்டாகத் தெரிந்தது. குறை என்று சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தான். பக்கத்து மேஜை ரகு வந்து அதை வாங்கிப் பார்த்தான்.

"மச்சி, தையல் நல்லாத்தான் கீது. உன் கண்ணுதான் ரெண்டா தெரியுது. சாப்ட்டியா?"

"இல்ல."

"நேத்து?"

"நைட்டு இல்ல."

"காசிக்குப் போனா பாவம் போவும்னாங்க. நீ இன்னா புதுசா சேத்துக்கினு வந்துட்டியா?"

மதியம் கேண்டீனில் ரகு அவனைத் தட்டோடு இழுத்து உட்காரவைத்தான். விஷயம் வெளியே வந்தது. போனை வாங்கி ரகு செய்தியை விரலால் தள்ளினான். தள்ளிக்கொண்டே இருந்தான்.

"இது மெசேஜா, ஆடிட் ரிப்போர்ட்டா? 'மொகல்சராயில் இரண்டாவது சமோசா, காரணம்: சித்தப்பா.' மேடம் இதைப் படிச்சி முடிக்கறதுக்குள்ள உன் சீட்டுல பெயிண்டு ஷாப்காரன் உக்காந்து பொங்கல் கொண்டாடிடுவான்."

"எல்லாம் சொல்லணும் இல்ல? பாதி சொன்னா பொய் சொன்ன மாதிரி."

"அப்ப அந்தக் கொய்யா மேட்டரு எங்கே? அதைக் காணோம்?"

இளம்பரிதி குரலைத் தாழ்த்தினான். "அதைச் சொன்னா சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டுமே. நாலு மணிக்கு உன் வயித்துக்கு இன்னா போடப்போற? ஒண்ணுமில்லன்னா நீ நேரா கிளாஸுக்குத்தான் போவ. படிக்கட்டுக்குக் கீழ இன்னா கீது?"

பஜ்ஜிக் கடை. இளம்பரிதிக்கு அது இப்போதுதான் உறைத்தது. இந்தத் திட்டத்துக்கு முன் மாலை வகுப்புக்கு ஏறும்போதெல்லாம் நாலு வாழைக்காய் பஜ்ஜி. பத்து வாரமாக அந்தப் பக்கம் தலைதிருப்பாமல் அவன் படியேறியதற்குக் காரணம் மன உறுதி அல்ல. நாலு மணிக் கொய்யா.

சமோசாக் கணக்கு முழுவதையும் அழித்தான். தலைப்புகளையும் அழித்தான். ரகு சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்க, எழுதினான்:

"மேடம், நான் இளம்பரிதி, குவாலிட்டி செக்ஷன். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யக் குடும்பத்தோடு காசி, கயா போயிருந்தோம். அதனால் இரண்டு வாரம் படம் அனுப்பவில்லை. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. பூரி, உருளைக்கிழங்கு, இனிப்பு நிறையச் சாப்பிட்டேன். நடையும் நிறைய. வந்து பார்த்தால் இரண்டரை கிலோ ஏறியிருக்கிறது. அதைச் சரிசெய்ய நேற்று இரவும் இன்று காலையும் சாப்பிடவில்லை, தலை சுற்றுகிறது. இன்னொன்று: கயாவில் கொய்யாவை விட்டுவிட்டேன். இனிமேல் சாப்பிட முடியாது. எங்கிருந்து மறுபடி தொடங்குவது? எனக்கு இடம் இருக்கிறதா?"

கட்டைவிரல் மேலேயே நின்றது. 'முன்கூட்டியே' என்பதை 'முன்பே' என்று மாற்றினால் நன்றாக இருக்குமோ?

ரகு எச்சில்படாத இடது கை விரலை நீட்டி அழுத்திவிட்டான். செய்தி போய்விட்டது.

"டேய்!"

"சென்ட்ரல்ல நான் இல்லாமப் போய்ட்டேன் மச்சி."

பதில் மூன்றரை மணிக்கு வந்தது, குரல் பதிவாக. இருவரும் பரிசோதனை மேஜைக்குப் பின்னால் குனிந்து கேட்டார்கள்.

"இளம்பரிதி, மொதல்ல இன்னிக்கு ஒழுங்கா சாப்பிட்டீங்களா? பட்டினி கிடந்து ஈடுகட்டுற வேலையெல்லாம் வேணாம். அப்புறம் பசி தாங்காம ரெண்டு மடங்கு சாப்பிடுவீங்க, அவ்ளோதான். எடையை ஒரு வாரம் பாக்காதீங்க. வெளிச்சாப்பாட்டு உப்பு, தண்ணி எல்லாம் அதுல சேந்து நிக்கும். டிசம்பர் டெஸ்ட் மூணு மாசத்துச் சராசரி. ரெண்டு வாரத்துல பத்து வாரம் அழிஞ்சிடாது. ஆனா கடைசி வாரங்களுக்கு அதுல பங்கு கொஞ்சம் ஜாஸ்தி, அதனால இப்பவே தொடங்கணும். மாத்திரை பத்தி டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். இந்த வாரம் ரெண்டே வேலை: தட்டுல பாதி காய், சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடை. மத்ததெல்லாம் அடுத்த வாரம் சேத்துக்கலாம்."

பிறகு சிரிப்பை அடக்கும் சத்தம்.

"அந்தக் கொய்யாவைச் சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. சொல்லாம விட்டிருந்தா நான் பழைய அட்டவணையையே அனுப்பி, நீங்க நாலு மணிக்கு வெறுங்கையோட நின்னிருப்பீங்க. எங்க மாமியார் கயாவுல பாகற்காயை விட்டாங்க. அதை அவங்க முன்னாடியும் தொட்டதில்ல! நீங்கதான் நெஜமாவே சாப்பிடுற ஒண்ண விட்டிருக்கீங்க. கொய்யாவுக்குப் பதிலா கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கிண்ணம். தேங்காய் கொஞ்சமா. இடம் உங்களுதுதான், பேரை எடுக்கல. ஆனா அடுத்த தடவை ஊருக்குப் போனா ஒரே ஒரு வரி போதும்: 'போறேன், இன்ன தேதி வரேன்.' சரியா?"

"ஒரே ஒரு வரி" என்றான் ரகு. "உன்னால முடியாத ஒண்ணைச் சொல்லிட்டாங்களே மச்சி!"

இளம்பரிதி சிரித்தான். நன்றி சொல்லப் பதில் எழுதத் தொடங்கினான், இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தி, "நன்றி மேடம். தொடங்குகிறேன்" என்று மட்டும் அனுப்பினான்.

அன்று நாலு மணிக்கு ரகு கேண்டீனிலிருந்து ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை வாங்கித் தந்தான். மாலை வகுப்புப் படிக்கட்டுக்குக் கீழே எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கார அன்னக்கிளி அக்கா கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"இன்னா தம்பி, ரொம்ப நாளா ஆளையே காணோம்? காசிக்குப் போய்ட்டியா?"

அவள் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு இளம்பரிதி படியேறினான். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

வீட்டில் அம்மா தட்டில் பாதிக்கு அவரைக்காய்ப் பொரியல் வைத்தாள். சுண்டல் விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தே?" என்று அடுக்களைக்குள் டப்பாக்களை உருட்டினாள். சாப்பிட்டுவிட்டுத் தெருமுனைவரை நடந்து வந்து, டைரியைத் திறந்தான்.

நவம்பர் 17, திங்கள். செய்தி போனது. அனுப்பியது ரகு. இடம் இருக்கிறது. கொண்டைக்கடலை ஊறப்போட்டாயிற்று.

நாளை: காலையில் கடலையை வேகவைத்து டப்பாவில் எடுத்துப் போக வேண்டும். மதியம் சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.