ஒரே ஆணியில் மூன்று சட்டை

ஐந்து மணிக்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும், மணி இரண்டு. இந்த முறையும் நிதி கிடைக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். சிறுநீரக ஆய்வாளரான அவள், ஆய்வின் மூன்று நோக்கங்களையும் சுருக்கி எழுதியிருந்த பக்கத்தை அடுத்த ஆய்வகத்து அண்ணன் படித்துக்கொண்டிருந்தார். மதிப்பிடுபவர்கள் பலர் அந்த ஒற்றைத் தாளிலேயே முடிவெடுத்துவிடுவார்கள்.

“நோய் எவ்வளவு பெரிய பிரச்சினைன்னு முதல் பத்தியிலேயே புரியுது. ஆனா தங்கச்சி, முதல் நோக்கத்துல ஒரு புரதத்தைச் சொல்றியே, அதுதான் நோய்க்குக் காரணம்னு எலியில நிரூபணம் ஆகலன்னா?”

“ஆகும்ணே.”

“ஆகலன்னா? ரெண்டாவது நோக்கம் அதைத் தடுக்கிற மருந்து, மூணாவது அந்த மருந்தோட சோதனை. ஒரே ஆணியில மூணு சட்டையை மாட்டியிருக்கே!”

“இதை இப்பவா சொல்றது?”

“நீ இப்பத்தானேம்மா காட்டினே!”

கோபத்தை விழுங்கிக்கொண்டு மூன்றாவது நோக்கத்தை அடித்துவிட்டாள். இரண்டாவதிலிருந்து மருந்தையும் நீக்கினாள். உறைபெட்டியில் ஏற்கெனவே இருக்கும் இருநூறு நோயாளிகளின் இரத்த மாதிரிகளில், புரதத்தின் அளவை வைத்து நோய் முற்றும் வேகத்தைக் கணிக்க முடியுமா என்று பார்ப்பது இரண்டாம் நோக்கமானது. முதலாவது தோற்றாலும் இது நிற்கும்.

“இப்பத்தான் நம்புற மாதிரி இருக்கு,” என்றார் அவர்.

நாலே முக்காலுக்கு அனுப்பினாள். நன்றி சொல்ல அவர் அறைக்குப் போனபோது, மேசையில் அதே நிதிக்கான அவருடைய விண்ணப்பம் கிடந்தது.

“அண்ணே, நீங்களும் போட்டியிலயா?”

“காலையிலேயே அனுப்பிட்டேன். போய்ச் சாப்பிடு.”

படியிறங்கும்போது கண்மூடி வேண்டிக்கொண்டாள். தனக்காகத் தொடங்கிய பிரார்த்தனை அவருக்காகவும் நீண்டது.