மூணு வாரம் தாங்குகிற படிப்பு

என் மகள் ஜானட்டுக்குப் பதினாறு வயதில் அந்த நோய் வந்தது. லூபஸ் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சத்தே திரும்பி உடம்பை அடிக்குமாம். மாத்திரை சாப்பிட்டால் அடங்கிக் கிடக்கும். திடீரென்று ஒருநாள் முட்டி வீங்கும், காய்ச்சல் ஏறும், அப்புறம் மூன்று வாரம் படுக்கைதான். பிளஸ் டூ சமயத்தில் வந்தது இன்னும் மோசம். மார்ச் பரீட்சையும் போனது, ஜூன் மாதத் துணைத்தேர்வுக்கும் எழுந்திருக்க முடியவில்லை. மறு வருடம் டுடோரியலில் படித்து எழுதி நல்ல மார்க் எடுத்தாள். அதற்குள் அவள் சிநேகிதிகள் காலேஜில் ஒரு வருடம் முடித்துவிட்டார்கள். இன்னொரு வருடம் போகக்கூடாது. எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் பேச்சு.

பி.காம் படிக்க இரண்டு இடத்தில் சீட் கிடைத்தது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பழைய காலேஜ். அங்கே செமஸ்டர், வருடத்துக்கு இரண்டு. மீஞ்சூரைத் தாண்டி ஒரு புதுக் காலேஜ். அங்கே டிரைமெஸ்டர், வருடத்துக்கு மூன்று.

நான் டிரைமெஸ்டர் என்றேன். திருவொற்றியூரில் கண்டெய்னர் பிரிக்கிற யார்டில் இருபத்தாறு வருடமாக மூட்டை தூக்குகிறேன். ஒரு லோடை இரண்டு நடையாகத் தூக்குவதைவிட மூன்று நடையாகத் தூக்கினால் இடுப்பு தப்பும். அந்தக் காலேஜில் ஒரு தடவைக்கு நாலு பேப்பர்தான். பழைய காலேஜில் ஆறு. நோயாளிப் பிள்ளைக்கு எது லேசு என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"உனக்கு எல்லாமே மூட்டைதான்" என்றாள் என் வீட்டுக்காரி சிலுவையம்மாள். "பொண்ணு இன்னா சொல்றான்னு கேளுய்யா."

ஜானட் அன்று ராத்திரி சாவியோவுக்குப் போன் போட்டாள். சாவியோ என் அக்கா மகன், அமெரிக்காவில் படிக்கிறான்.

"இங்க செமஸ்டர் இல்ல மாமா, குவார்ட்டர்" என்றான் அவன், போனில் முகம் தெரிய.

"உங்க மாமாவுக்கு வேற குவார்ட்டர்தான் தெரியும்" என்றாள் சிலுவையம்மாள் பின்னாலிருந்து.

அவன் சிரித்துவிட்டுச் சொன்னான். வருடத்துக்கு நாலு. ஒவ்வொன்றும் பத்து வாரம். மூன்று படித்தால் போதும், கோடையில் வருவதை இஷ்டமிருந்தால் படிக்கலாம்.

"அப்ப நடுவுல ஒண்ணை வுட்டுட்டு, கோடையில படிச்சுக்கலாமா?" என்று ஜானட் கேட்டாள்.

"இந்த ஊர்ப் பசங்க சில பேர் பண்றாங்க. ஆனா எல்லாப் பாடமும் கோடையில நடத்த மாட்டாங்க. அதுவுமில்லாம பத்து வாரமும் ஓட்டம்தான். நாலாவது வாரமே பரீட்சை வந்துடும். நடுவுல ஒரு வாரம் படுத்தாப் பேஜாருதான்."

போனை வைத்ததும், "படுக்கறதுக்கு ஒண்ணு எக்ஸ்ட்ரா வெச்சிகிறாங்க பாரும்மா" என்றாள் அம்மாவிடம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் கும்மிடிப்பூண்டி வண்டியில் மீஞ்சூர் போனோம். சேர்த்துவிட்டே வருவது என்று சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். ஆபீசில் ஒரு மேடம் நல்ல மாதிரியாகப் பேசினார்கள். நான் கேட்க வேண்டியதை யோசிப்பதற்குள் ஜானட் கேட்டாள்.

"மேடம், ஒரு டிரைமெஸ்டர்ல எத்தனை நாள் கிளாஸ்?"

"பன்னெண்டு வாரம்மா. பண்டிகை எல்லாம் போக அறுபது நாள் வரும்."

"அதுல எழுபத்தஞ்சு பர்சென்ட் வரணுமா?"

"கண்டிப்பா. பதினஞ்சு நாள் வரைக்கும் லீவு எடுக்கலாம். அதுக்கு மேல போனா பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"மெடிக்கல் சர்ட்டிபிகேட் குடுத்தா?"

"இங்க அதுக்குத் தனியா சலுகை கிடையாது. அந்த டேர்மையே திரும்பப் படிக்கணும். அது அடுத்த வருஷம்தான் வரும்."

"மேடம், அவளுக்கு இப்ப நல்லாயிடுச்சு" என்றேன் நான். "ஏழு மாசமா ஒண்ணும் இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஜானட்டைப் பார்த்தார்கள். "யோசிச்சுட்டே சேருங்க சார். இன்னும் ரெண்டு நாள் டைம் இருக்கு" என்றார்கள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். வண்டியில் உட்கார்ந்த பிறகு கேட்டேன். "வந்துடும்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"வரும் நைனா. போன தடவை பதினெட்டு நாள் டுடோரியலுக்குப் போகல. பதினெட்டு நாள் இங்க போனா ஒரு வருஷம் போச்சு. தண்டையார்பேட்டையில ஒரு செமஸ்டர் தொண்ணூறு நாள். அங்கயும் அதே பர்சென்ட்தான். ஆனா இருபத்திரண்டு நாள் போகலாம். அதுக்கு மேல கொஞ்சம் போனாலும் டாக்டர் சர்ட்டிபிகேட் பார்த்து எழுத வுடுவாங்களாம். நான் கேட்டுட்டேன்."

"ஆறு பேப்பர் கீதே. தூக்கணுமே."

"படிக்கறது எனக்குக் கஷ்டமில்ல."

"ஒரு பேப்பர் போச்சுன்னா அங்க ஆறு மாசம் காத்துக்கினு இருக்கணும். இங்க நாலு மாசத்துல திரும்ப எழுதிடலாம்" என்றேன். அதையும் விசாரித்து வைத்திருந்தேன்.

"அது நெசம்தான். பெயில் ஆவுறவங்களுக்கு இதுதான் நல்லது. நான் பெயிலாக மாட்டேன் நைனா. வராமதான் போவேன்."

எதிர் சீட்டில் ஒரு அம்மா மீன் கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நடையில் பாரம் குறையும் என்று நான் பார்த்தேன். எந்த நடையில் விழுந்தால் எழுந்திருக்க இடம் இருக்கிறது என்று ஜானட் பார்த்திருக்கிறாள். நோய் திரும்பி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நான் காலேஜ் தேடினேன். அவள் அந்த நோய்க்கும் வகுப்பில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்துவிட்டாள்.

"ஒரே செமஸ்டர்ல ரெண்டு தடவை வந்தா?" என்றேன்.

"அப்ப எங்க சேர்ந்தாலும் போச்சு."

எண்ணூர் வந்தது. கூடைக்கார அம்மா எழுந்து இறங்கினாள். திருவொற்றியூரில் நாங்கள் இறங்கும்போது, "நாளைக்கு தண்டையார்பேட்டை போலாம்" என்றேன். "வேலைக்கு லீவு சொல்லிட்றேன்."

ஜூலையில் வகுப்பு தொடங்கியது. செப்டம்பரில் ஒரு காலை முட்டி வீங்கி எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏறும்போதெல்லாம் அவள் காலண்டரைப் பார்த்தாள். முன்பெல்லாம் அழுவாள், இந்தத் தடவை அழவில்லை. சிநேகிதி ஒருத்தி பாடத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். சிலுவையம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நானும் காலண்டரைப் பார்த்தேன், ஞாயிறு வந்தால் சந்தோஷப்பட்டேன். ஞாயிறு கணக்கில் சேராது.

பத்தொன்பது நாள் போனது. அதற்கப்புறம் எழுந்து காலேஜுக்குப் போனாள்.

நவம்பர் மழையில் ஒரு காலை. பரீட்சைக்கு முன் இன்னும் ஒரு வாரம் வகுப்பு இருந்தது. அவள் நடையில் லேசாக இழுப்பு தெரிந்தது. பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன், பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"இன்னிக்கு வூட்லயே இரேன். இன்னும் மூணு நாள் லீவு கீதே."

பஸ் வந்தது. பையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கீது நைனா. அதை இன்னிக்கு செலவு பண்ண வேணாம்."

கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். பஸ் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு நான் யார்டுக்கு நடந்தேன்.