பின்னோக்கி வளர்ந்த கை

"பாப்பாவோட எலும்பு வயசு போன வருஷம் பத்து, இப்போ ஒன்பது. சீக்கிரம் வயசுக்கு வராம இருக்கப் போடற ஊசி நல்லா கேக்குதுன்னு அவ அம்மாவுக்கு ஒரே சந்தோஷம் மேடம்," என்றார் எக்ஸ்ரே எடுப்பவர்.

எக்ஸ்ரே டாக்டர் திரையை அருகில் இழுத்தார். ஊசி எலும்பின் அவசரத்தைக் குறைக்கும். முதிர்ந்த எலும்பைத் திரும்பப் பிஞ்சாக்காது.

கம்ப்யூட்டர் எலும்பு வயது பத்து என்று சொன்ன பழைய படத்தைத் திறந்தார். அப்போது சிறுமிக்கு எட்டு வயது. படத்தின் மூலையில் பாலினம்: ஆண். பெண் பிள்ளைகளின் எலும்பு முந்திக்கொண்டு முதிரும். அதை ஆண் கணக்கில் படித்தால் வயது ஏறித்தான் தெரியும்.

திரையில் இருந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, வயது வாரியாகக் கை எக்ஸ்ரேக்கள் அடுக்கிய அட்லஸ் புத்தகத்தில் பெண் பிள்ளைகளின் பக்கங்களைப் புரட்டினார். மணிக்கட்டு, விரல் நுனி எல்லாம் அச்சு அசலாக எட்டு வயதுக் கை. இந்தப் பிள்ளைக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது.

அறிக்கையின் அடியில், "அட்லஸுடன் ஒப்பிட்டேன், பத்து சரி" என்று அவருடைய கையெழுத்தே பல்லை இளித்தது. ஒப்பிட்டது பொய்யில்லை. கம்ப்யூட்டர் பத்து என்றதும், ஆண் பிள்ளைகளின் பத்தாம் வயதுப் பக்கத்தைத்தான் திறந்து பார்த்திருக்கிறார். பொருந்தாமல் என்ன செய்யும்?

"யார் இதை ஆண்னு போட்டது?"

"யாரும் போடல மேடம். அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டா தானாவே ஆண்னு வந்துடும். போன வருஷம் பூரா அப்படித்தான் இருந்துச்சு, இந்த வருஷம்தான் சரி பண்ணாங்க."

கதவைத் தட்டிவிட்டு சிறுமியின் அம்மா எட்டிப் பார்த்தாள். "அடுத்த ஊசி இன்னைக்கே போட்டுடலாமா டாக்டர்?"